சூரியன் மறையும் படத்துக்கு நான் போட்ட தப்பான பதில்

  இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை நேரத்தில் படிக்க வேண்டாம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு, சாவகாசமாகப் படியுங்கள்.

இது நான் செய்த ஒரு தப்பைப் பற்றியது. வகுப்பில் உங்களை எத்தனையோ தடவை பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். இன்றைக்கு நான் ஏறி நிற்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் எட்டாம் வகுப்புப் பையன்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்று இருக்கிறது. என்னையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். முப்பது பேர் சொச்சம் இருப்போம். போன டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள், ராத்திரி ஏழு மணி சுமாருக்கு, சார்ஜாவில் வேலை பார்க்கும் ஒரு பையன் ஒரு படம் போட்டான். பையன் என்று எனக்குத்தான் சொல்ல வருகிறது. அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஏசி மெக்கானிக். படத்தில் கடல், கடலுக்கு மேல் மறையப்போகும் சூரியன். கூடவே ஒரு எழுத்துகூட இல்லை. வெறும் படம்.

அந்தப் படத்துக்கு வந்த பதில்களை வரிசையாகச் சொல்கிறேன். இரண்டு பேர் கட்டைவிரல் பொம்மை போட்டார்கள். ஒருவன், யாரோ அவனுக்கு அனுப்பிய ரோஜாப்பூ போட்ட ‘இனிய இரவு’ படத்தை அப்படியே தள்ளிவிட்டான். ஒருவன், ‘என்ன போன்டா, புதுசா?’ என்றான். இன்னொருவன், ‘கடல் ஒரு பக்கமாச் சாஞ்சு இருக்கே, நேராப் பிடிக்கக் கூடாதா?’ என்றான். அதற்குக் கீழே ஒருவன், ‘எப்ப ஊருக்கு வாரே? வீட்டு வேலை எந்த அளவுல நிக்கி?’ என்று கேட்டிருந்தான். இன்னொருவன், ‘இதெல்லாம் என்னல, நம்ம கன்னியாகுமரில பாக்காததா?’ என்று முடித்துவிட்டான்.

இவ்வளவுக்கும் பிறகு வாத்தியார் வந்தேன். சாயங்காலத்தில் சூரிய ஒளி காற்றுக்குள் நெடுந்தூரம் வர வேண்டியிருக்கிறது, வரும் வழியில் நீல நிறம் சிதறிப் போய்விடுகிறது, சிவப்பும் மஞ்சளும்தான் நம் கண்ணுக்கு வந்து சேருகின்றன என்று பதினோரு வரி எழுதினேன். கடைசியில், ‘புரிந்ததா?’ என்று ஒரு கேள்வி வேறு.

அவன் ‘நன்றி சார்’ என்று எழுதி, கைகூப்பும் பொம்மை ஒன்று போட்டான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்புறம் மூன்று மாதம் அவனிடமிருந்து குரூப்பில் ஒரு படமும் வரவில்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை.

மார்ச்சில் அவன் லீவில் ஊருக்கு வந்தான். தங்கச்சி மகளுக்குச் சடங்கு. பத்திரிகை கொடுக்க வீட்டுக்கு வந்தவனை உட்காரவைத்து, ‘என்னல, அந்தக் கடல் படத்துக்கு அப்புறம் ஆளையே காணோமே?’ என்று சும்மாதான் கேட்டேன். முதலில் சிரித்தான். அப்புறம் சொன்னான்.

‘அன்னைக்கு லீவு சார். ஆறு நாள் ரூமு, வண்டி, மொட்டை மாடி, மறுபடி ரூமுன்னு போயிட்டு இருந்துச்சு. அன்னைக்குத்தான் பீச்சுப் பக்கம் போனோம். நல்லா இருந்துச்சு. யார்ட்டயாவது காட்டணும்போல இருந்துச்சு. அவ்வளவுதான் சார், வேற ஒண்ணும் இல்ல.’

‘நாங்க என்ன சொல்லியிருக்கணும்?’ என்று கேட்டேன்.

‘ஒண்ணுமே வேண்டாம் சார். ஆமால, நல்லா இருக்குன்னு ஒருத்தன் சொல்லியிருந்தாப் போதும்.’

அவன் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான். ஆனால் எனக்கு அன்றைக்கு ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. நான் சொன்ன அறிவியல் தப்பில்லை. அதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. அவன் கேள்வியே கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

நாம் எல்லாரும் திண்ணை வைத்த வீட்டில் வளர்ந்தவர்கள்தான். தெருவில் போகிறவரிடம், ‘என்ன, கடைக்கா?’ என்று கேட்போம். அவர் கையில் பை இருக்கிறது, கடைப் பக்கம்தான் போகிறார், தெரிந்துதான் கேட்கிறோம். அவரும், ‘ஆமா, கடைக்குத்தான்’ என்பார். அவர் நின்று, எந்தக் கடை, என்ன வாங்கப் போகிறேன், என்ன விலை என்று விவரம் சொல்ல ஆரம்பித்தால் நமக்கே ஒரு மாதிரி ஆகிவிடும். ‘இன்னைக்குக் காத்து நல்லா வருது’ என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொன்னால், ‘ஆமா, ரெண்டு நாளா இல்ல’ என்போம். காற்று ஏன் வீசுகிறது என்று யாரும் விளக்க மாட்டோம். நானுமே விளக்கியதில்லை. திண்ணையில் எனக்குத் தெரிந்திருந்தது, போனில் மறந்துவிட்டது.

என் மருமகள் மொழியியல் படித்தவள். அவளிடம் இதைச் சொன்னபோது, இந்த மாதிரிப் பேச்சுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் பெயர் வைத்திருக்கிறார் என்றாள். மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியல் அறிஞர். போலந்தில் பிறந்தவர். முதல் உலகப் போர்க் காலத்தில் நியூகினிக்குப் பக்கத்தில் உள்ள டிரோப்ரியான்ட் தீவுகளில் போய்த் தங்கி, அந்த மக்களோடு மக்களாக இருந்து எழுதியவர். 1923-இல் வந்த ஒரு கட்டுரையில் அவர் சொல்கிறார்: மனிதர்கள் பேசும் பேச்சில் ஒரு வகை, செய்தி சொல்வதற்காகப் பேசுவதே இல்லை, சேர்ந்து இருக்கிறோம் என்பதற்காக மட்டும் பேசுவது. நலம் விசாரிப்பது, வானிலையைப் பற்றிச் சொல்வது எல்லாம் அதில் அடக்கம். அதில் சொல்லின் அர்த்தம் பெரிதில்லை. சொன்னதும், அதற்கு மறுசொல் வந்ததும்தான் பெரிது.

எழுத்தே இல்லாமல் வரும் சூரியன் மறையும் படமும் அந்த வகைதான் என்பது என் அபிப்பிராயம். அவன் சார்ஜாவில் உட்கார்ந்து ‘காத்து நல்லா இருக்கு’ என்று சொல்லியிருக்கிறான். நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து அவனுடைய போன் மாடலையும், படம் பிடித்த லட்சணத்தையும், வீட்டு வேலையையும் விசாரித்திருக்கிறோம்.

சரி, அப்படியானால் ‘அருமை’, ‘சூப்பர்’ என்று ஒரு வார்த்தை போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். ஒன்றும் போடாமல் இருப்பதற்கு அது மேல். ஆனால் அதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. அது என்னவென்று புரிந்துகொள்ள, அந்தப் படத்தில் கேமரா எதை விட்டுவிட்டது என்று தெரிய வேண்டும். இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் பாடம் நடத்த அனுமதி கொடுங்கள்.

கையை நேராக நீட்டி, சுண்டுவிரலை வானத்துக்கு எதிரே பிடித்தால், அந்த விரலின் அகலம் ஏறக்குறைய ஒரு பாகை வரும். சூரியனின் அகலம் அரைப் பாகைதான். அதாவது சுண்டுவிரலில் பாதி. உச்சியில் இருந்தாலும் கடலைத் தொட்டாலும் அதே அரைப் பாகைதான். ஆனால் அடிவானத்துக்கு வரும்போது அது பெரிய தாம்பாளம் மாதிரி நமக்குத் தெரிகிறது. அது நம் மனசு செய்யும் வேலை. கேமராவுக்கு மனசு இல்லை. போனை நிமிர்த்திப் பிடித்துச் சாதாரணமாக எடுத்தால், படத்தின் அகலத்தில் சூரியன் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்குதான் வரும். சுற்றிலும் ஒளி கசிவதால் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். எடுத்தவன் கண்டது தாம்பாளம். நமக்கு வருவது பொட்டு.

நிறமும் அப்படித்தான். வெள்ளைச் சட்டை எந்த விளக்கின் கீழும் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று போன் தானாகவே நிறத்தைச் சரிசெய்யும். எல்லாமே சிவந்து கிடக்கும் சாயங்காலத்திலும் அது அதே வேலையைப் பார்ப்பதால், பல சமயம் செம்மை குறைந்து, வெளுத்துப்போன ஆரஞ்சாக வருகிறது. அதோடு, வானத்தின் வெளிச்சத்துக்கு ஏற்றபடி எடுக்கும்போது கரையில் இருப்பவர்கள் எல்லாரும் வெறும் கறுப்பு நிழலாகிவிடுகிறார்கள். காற்று, உப்பு வாசம், பக்கத்தில் இருந்தவர் பேச்சு இவையெல்லாம் படத்தில் வரவே வராது.

இன்னொன்று நேரம். டிசம்பரில் சார்ஜாவில் சூரியனின் அடி கடலைத் தொட்டதிலிருந்து தலை மறையும்வரை இரண்டரை நிமிடம்தான். அந்த நேரத்தை ஒட்டித்தான் அவன் போனை எடுத்து, படம் பிடித்து, நம் குரூப்பைத் தேடி அனுப்பியிருக்கிறான்.

எனவே படத்தை மட்டும் பார்த்து மார்க் போட்டால், பொட்டு மாதிரி ஒரு சூரியனுக்கும் வெளுத்த வானத்துக்கும்தான் மார்க் போடுவோம். நம் பதில் போக வேண்டியது, அவன் நின்று பார்த்த அந்தச் சாயங்காலத்துக்கு. ‘நேர்ல இன்னும் சிவப்பா இருந்திருக்குமே’ என்று ஒருவன் எழுதினால், கேமரா பிடுங்கிக்கொண்டதில் கொஞ்சத்தை அவனுக்குத் திருப்பிக் கொடுத்த மாதிரி. படம் அனுப்பியவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மனசுக்குள் சொல்லிக்கொள்வது, ‘நேர்ல பாத்த மாதிரி வரலியே’ என்பதைத்தான். அதை நாமே சொல்லிவிட்டால், அவன் உடனே ‘ஆமா சார், ரத்தச் சிவப்பா இருந்துச்சு’ என்று பேச ஆரம்பிப்பான்.

அவன் பத்திரிகை கொடுத்துவிட்டுப் போனபிறகு, போனில் மேலே தள்ளித் தள்ளி அந்த டிசம்பர் படத்தைக் கண்டுபிடித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் பெரிதாக்கி, நிதானமாகப் பார்த்தேன். படத்தின் கீழே இடது மூலையில் ஒரு கட்டைச் சுவர். அதன் மேல் காகித டீக் கப் இரண்டு. ஒன்றல்ல, இரண்டு. வலது பக்கம் தூரத்தில் ஒரு நிழல் உருவம், அதன் தோளில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. டிசம்பரில் நான் இதில் எதையும் பார்க்கவே இல்லை. சிவப்பைப் பார்த்தேன், பாடம் ஞாபகம் வந்தது, எழுதிவிட்டேன்.

இப்போது அதே படத்துக்கு என்ன பதில் போடலாம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். வாத்தியார் புத்தி, அடித்தடித்து எழுதினேன். அதையும் சொல்கிறேன்.

முதலில், ‘அருமையான காட்சி. இயற்கையின் அழகே அழகு’ என்று எழுதினேன். தப்பில்லை. ஆனால் இதை எந்தப் படத்துக்கும் போடலாம். படத்தைத் திறக்காமலே போடலாம். அடித்துவிட்டேன்.

அடுத்து, ‘ரொம்ப நல்லா இருக்கு. நானும் 1985-இல் ராமேஸ்வரத்தில் இப்படித்தான்’ என்று ஆரம்பித்தேன். நாலு வரி போனதும் சார்ஜா காணாமல் போய், படம் முழுக்க நான்தான் நின்றேன். அதையும் அடித்தேன்.

மூன்றாவதாக, ‘நல்லா இருக்கு. உடம்பைப் பார்த்துக்கொள். வெளியில் அதிகம் அலையாதே’ என்று எழுதினேன். அக்கறைதான். ஆனால் ஆறு நாள் உழைத்துவிட்டு ஒரு சாயங்காலம் வெளியே வந்தவனிடம் சொல்கிற பேச்சா இது?

கடைசியில் வந்தது இது: ‘ஆமால, ரொம்ப நல்லா இருக்கு. நேர்ல இன்னும் சிவப்பா இருந்திருக்குமே. இங்க ஒரு மணி நேரம் முன்னாடியே இருட்டிட்டு. சுவர் மேல ரெண்டு டீ இருக்கே, கூட யாரு?’

இதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முதலில் அவன் கேட்ட ‘ஆமா’ இருக்கிறது. அவன் கண்ணால் கண்டதற்கு ஒரு வரி. என் பக்கத்திலிருந்து ஒரே ஒரு வரி, அதுவும் அதே சூரியனைப் பற்றியது. நம் ஊரில் ஆறு மணிக்கு மலைக்குப் பின்னால் போன சூரியன்தான், நம் கணக்கில் ஏழு மணிக்கு அவன் கடலில் மறைந்திருக்கிறது. கடைசியில் படத்திலிருந்தே எடுத்த ஒரு கேள்வி. மொத்தம் நாலு சின்ன வாக்கியம். எழுத ஒரு நிமிடம் ஆகும். படத்தைப் பார்க்கத்தான் இரண்டு நிமிடம் ஆகும்.

கேள்வி கேட்கலாமா கூடாதா என்று ஒரு சந்தேகம் வரும். ‘எப்ப ஊருக்கு வாரே, வீடு எந்த அளவுல நிக்கி’ என்பதும் கேள்விதான். ‘கூட யாரு’ என்பதும் கேள்விதான். ஆனால் முதல் கேள்வி, சுவரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பவனை எழுப்பிக் கணக்கு நோட்டு முன்னால் உட்காரவைக்கிறது. இரண்டாவது கேள்வி, அந்தச் சுவரிலேயே அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வீட்டு வேலையை விசாரிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த நாள் போன் போட்டு விசாரியுங்கள்.

எல்லாப் படத்துக்கும் இந்த அளவு வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. இருநூறு பேர் இருக்கும் சொந்தக்காரர்கள் குரூப்பில் ஒரு படம் வந்தால், ஆளாளுக்கு நாலு வரி எழுதினால் குரூப் தாங்காது. அங்கே ஒரு பூவோ கட்டைவிரலோ போதும். உங்களுக்கென்று தனியாக அனுப்பியது, அல்லது பத்து முப்பது பேர் மட்டும் உள்ள இடத்தில் போட்டது, இவற்றுக்குத்தான் இந்தக் கணக்கு. அதே மாதிரி, படத்தோடு ‘ஏன் சார் இவ்வளவு சிவப்பு?’ என்று கேட்டிருந்தால், என் பதினோரு வரி சரியான பதில். கடல் சாய்ந்திருக்கிறது என்பதும், படம் எடுக்கப் பழகுகிறவன் ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் சொல்ல வேண்டியதுதான். கேட்காதபோது சொல்வதுதான் இடிக்கிறது. படத்தோடு ‘மனசு சரியில்லை’ என்று ஒரு வரி இருந்தாலோ அது வேறு. அப்போது சூரியனை விட்டுவிட்டு, குரூப்பிலும் எழுதாமல், நேரே போன் போடுங்கள்.

போன வாரம் அவன் மறுபடி ஒரு படம் போட்டான். நான் கேட்டதால் போட்டானா, தானாகப் போட்டானா, தெரியாது. இந்தத் தடவை கடல் இல்லை. ஒரு பெரிய கட்டடத்தின் மொட்டை மாடி. ஏசி மிஷின்கள் வரிசையாக நிற்கின்றன. இரண்டு மிஷினுக்கு நடுவே உள்ள சந்தில் சூரியன். ஒரு மிஷின் மேல் அவனுடைய ஸ்பானர் கிடக்கிறது.

நான் கண்ணாடியை எடுத்துப் போட்டேன். பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு, ‘ஆமால, நல்லா இருக்கு. சந்துல சரியா வந்து நிக்கி. ஸ்பானரைக் கீழ வச்சுட்டுத்தான் எடுத்திருக்கே போல’ என்று எழுதினேன்.

உடனே பதில் வந்தது. ‘ஆமா சார். ரெண்டு நிமிஷம் வேலையை நிப்பாட்டிட்டேன். டிசம்பர்ல கேட்டிருக்க வேண்டியது சார், அந்த ரெண்டாவது டீ நம்ம ரூம்ல இருக்க மலப்புரத்துக்காரன். அவன் இப்ப ஊருக்குப் போயிட்டான்.’

இரண்டாவது டீயைப் பற்றி நான் அவனிடம் கேட்கவே இல்லை. அப்புறம் ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தபோது வாய்தவறிச் சொல்லியிருப்பேன் போல. அவன் ஞாபகம் வைத்திருக்கிறான். கூட இருந்தவன் ஊருக்குப் போய்விட்டான் என்பதை, மூன்று மாதம் வாய் திறக்காதவன், ஸ்பானரைப் பற்றி எழுதிய ஒரு வரிக்குப் பதிலாகச் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு அரை மணி நேரம் போனில் பேசினோம். வீட்டு வேலையைப் பற்றியும்தான். அதை அவனே சொன்னான்.

இவ்வளவுதான் விஷயம், பிள்ளைகளா. உங்களில் யாராவது இதற்கு முன்னால் எனக்கு ஒரு சாயங்காலப் படம் அனுப்பி, பாடம் வாங்கிக்கொண்டு போயிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். இன்னொரு தடவை அனுப்பிப் பாருங்கள். இந்தத் தடவை ‘புரிந்ததா?’ என்று கேட்க மாட்டேன்.

இன்றைக்கு இங்கே மலைப் பக்கம் மேகம் மூடிவிட்டது. சூரியனைப் பார்க்க முடியவில்லை. உங்கள் ஊரில் எப்படி?